நோன்பு நாளில் பயிற்சி இல்லை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
3 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய ஜெய்னுலாபுதீன் பாய் அவர்களுக்கு,

வணக்கம். பெருநாள் வாழ்த்துகள். இங்கே நானும் ஹாலில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் நலம். பிரான்ஸில் குளிர் விட்டதா? உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் நீங்கள் என்னைப் பேசவிடமாட்டீர்கள் என்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

உங்கள் மரீஹாவுக்கு ஏப்ரல், மே இரண்டு மாதமும் பேட்மிண்டன் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். என்னிடம் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதிதான். வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கிடையாது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு மணி. வருஷத்தில் எல்லாம் சேர்த்து மூன்று மாதமாவது ராக்கெட்டைத் தொடக்கூடாது. ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பது இல்லை. சைக்கிள் ஓட்டட்டும், நீச்சல் கற்கட்டும், தெருவில் கோகோ ஆடட்டும். ஒரே விளையாட்டை ஆடினால் ஒரே தோள், ஒரே இடுப்பு, ஒரே முட்டிதான் அடி வாங்கும். வளர்கிற எலும்புக்கு அது தாங்காது.

போன தீபாவளிக்கு எடுத்த டிராக் பேன்ட் அவளுக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது, வீடியோவில் கவனித்தீர்களா? எலும்பு வேகமாக வளர்கிறது. தசை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் இழுத்துப் பிடிக்கிறது. காயம்படும் வயது இதுதான்.

ஆகஸ்ட் வந்தால் அங்கே ஊரே கடையை மூடிவிட்டு லீவுக்குப் போய்விடும், வகான்ஸ் வகான்ஸ் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்று நீங்கள்தான் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். உங்கள் பெண்ணுக்கும் ஒரு வகான்ஸ் கொடுங்கள் பாய்.

அன்புடன்,
சிவசங்கரி
(சங்கரி மிஸ் என்றால்தான் உங்கள் வீட்டில் தெரியும்)


செர்ஜி, பிரான்ஸ்
9 ஏப்ரல் 2025

சங்கரி மிஸ் அவர்களுக்கு,

இறையருளால் நான் இங்கே நலம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ரமலான் மாதம் முழுக்க அவள் ராக்கெட்டைத் தொடவில்லை. நோன்பு நாளில் பயிற்சி கூடாது என்பது என் கண்டிப்பான உத்தரவு. தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளையை ஓடவிடுகிற அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. பெருநாளுக்குப் பிறகும் ஆறு நோன்பு வைக்கிறேன் என்றாள். சரி என்றேன். ஆக ஐந்து வார ஓய்வு ஆகிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் எதற்கு?

மற்ற பிள்ளைகள் லீவில் ஆயா வீடு, அத்தை வீடு என்று சுற்றும் நேரத்தில்தான் நம் பிள்ளை முந்த முடியும். பதிமூன்று வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இது கடைசி வருஷம். ஜூலையில் மாநில அணித் தேர்வு. இதை விட்டால் அடுத்த வருஷம் தன்னைவிடப் பெரிய பெண்களோடு மோத வேண்டும்.

நான் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பெட்டியில் என் பெயர் எழுதி யாரும் ஒட்டுவதில்லை. என் மகள் பெயர் பலகையில் வர வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. நாளை முதல் அவள் ஹாலுக்கு வருவாள். அவள் அண்ணன் ஷாரிக் கொண்டுவந்து விடுவான்.

துஆவுடன்,
ஜெய்னுலாபுதீன்


நெல்லித்தோப்பு
21 ஏப்ரல் 2025

ஜெய்னுலாபுதீன் பாய் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது; மற்றபடி நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பத்து நாளாக மரீஹா வருகிறாள். நீங்கள் வீடியோவில் பார்ப்பது அவள் பாயிண்ட் எடுப்பதை மட்டும்தான். நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

பின் மூலைக்குப் பந்து போனால் உடம்பைப் பின்னால் வளைத்துத் தலைக்கு மேலே அடிக்க வேண்டும். அவள் வளைவதில்லை. கால் நாலு எட்டு கூடுதலாக ஓடி, பந்துக்குப் பின்னால் போய் நின்று நேராக அடிக்கிறாள். ஷாரிக் அதைப் பார்த்து, "ஃபுட் ஒர்க் சூப்பரா வந்துடுச்சு மிஸ்" என்கிறான். அது ஃபுட் ஒர்க் இல்லை பாய். வளைந்தால் ஏதோ செய்கிறது, அதற்குத் தப்பிக்கிறாள்.

நேற்று ஓரமாகக் கூட்டிப்போய், ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாயச் சொன்னேன். முதுகெலும்பில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கிற சின்னச் சோதனை அது. வலது காலில் நின்றபோது சாய்ந்தாள். இடது காலில் நின்றதும் வலைக் கம்பத்தை எட்டிப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"வலிக்குதாடி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மிஸ். காலு வழுக்கிடுச்சு."

ஷூ போட்டிருந்தாள். தரை காய்ந்து கிடந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்னால் குனிந்தால் வலிக்காமல், பின்னால் சாய்ந்தால் மட்டும் வலித்தால் அது சாதாரணப் பிடிப்பு இல்லாமல் இருக்கலாம். முதுகெலும்பின் கடைசி எலும்பில் இரண்டு பக்கமும் சின்னப் பாலம் மாதிரி ஓர் இடம் உண்டு. மறுபடி மறுபடி வளைந்து வளைந்து அங்கே கீறல் விழும். ஒரே நாளில் விழுவதில்லை. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடியுமே, அப்படி. ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் ஓய்விலேயே சேர்ந்துவிடும். விட்டுவிட்டால் முழுசாகப் பிரியும். இரண்டு பக்கமும் பிரிந்துவிட்டால் வளர்கிற வயதில் எலும்பே முன்னால் நழுவலாம்.

எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை அவளை நான் கோர்ட்டில் இறக்கமாட்டேன்.

சிவசங்கரி


செர்ஜி
13 மே 2025

சங்கரி மிஸ் அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், வேலை அதிகம்.

உங்கள் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாளே ஷாரிக்கைக் கூட்டிப்போகச் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு கீறலும் இல்லை. தசைப்பிடிப்பு என்று சொல்லித் தைலம் எழுதிக் கொடுத்தார் டாக்டர். படத்தை எனக்கு அனுப்பினான்; நானே பெரிதாக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது.

மரீஹாவிடம் நானும் நேரடியாகக் கேட்டேன். "வலிக்குதா ராஜாத்தி?" என்றேன். "இல்லத்தா" என்றாள். பிள்ளையே இல்லை என்கிறாள். நீங்கள்தான் வலிக்கிறது என்கிறீர்கள்.

நீங்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. மூலக்குளத்தில் புதிதாகத் திறந்திருக்கும் கோர்ட்டில் சேர்த்துவிட்டேன். காலை, மாலை இரண்டு வேளையும் பயிற்சி. ஜூலை வரைக்கும்தான். பிறகு உங்களிடமே வருவாள்.

ஓய்வு இல்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அல்லாஹ்வே அதற்கும் வழி செய்துவிட்டான். இப்போது திங்கள், வியாழன் இரண்டு நாளும் நோன்பு வைக்கிறாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே வைக்கிறாள். அந்த இரண்டு நாளும் பயிற்சி இல்லை. இந்த வயதில் இப்படி மார்க்கப் பற்று எத்தனை பிள்ளைக்கு வரும்? இங்கே பள்ளிவாசலில் சொன்னபோது எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெய்னுலாபுதீன்


நெல்லித்தோப்பு
16 மே 2025

அன்புள்ள நபீசா அக்காவுக்கு,

நலமா அக்கா? வீட்டில் எல்லோரும் சுகமா? போன் செய்தால் ஷாரிக் எடுத்து, "அம்மா வேலையா இருக்காங்க மிஸ்" என்கிறான். அதனால் ஃபரீஹா டியூஷன் போகும் வழியில் அவள் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தங்கைக்காரி சமர்த்து, பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

மரீஹா இப்போது என் கண் முன்னால் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று பாய் எழுதியிருக்கிறார். இந்தக் கீறல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது அக்கா. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும்.

உங்களிடம் சில விஷயம் கேட்க வேண்டும். எனக்கு உங்கள் மார்க்கம் தெரியாது, தவறாக இருந்தால் மன்னியுங்கள். பெருநாளுக்குப் பிறகு வைக்கும் ஆறு நோன்பும், திங்கள் வியாழன் நோன்பும் கட்டாயமா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை வைத்தே ஆக வேண்டுமா? இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வீட்டில் அவள் எப்படி உட்காருகிறாள், எப்படி எழுந்திருக்கிறாள், எப்படித் தூங்குகிறாள்? சின்ன விஷயமானாலும் எழுதுங்கள். ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதினால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

உங்கள் தங்கை,
சங்கரி


நெல்லித்தோப்பு
24 மே 2025

அன்புத் தங்கச்சி சங்கரிக்கு,

நபீசா எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. எட்டு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

நீ கேட்ட நோன்பு எதுவும் கடமை இல்லைம்மா. ஆறு நோன்பும் சரி, திங்கள் வியாழனும் சரி, வைத்தால் நன்மை, வைக்காவிட்டால் குற்றமில்லை. நான்கூட எல்லா வருஷமும் வைப்பதில்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு நாள் என்னிடம் வந்து, "அம்மா, இன்னும் என்னென்ன நோன்புலாம் இருக்கு?" என்று கேட்டாள். எனக்கு மனசு பூரித்துவிட்டது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் தொழுகையை மடமடவென்று முடித்துவிட்டு ஓடுவாள். நான் திட்டுவேன். இப்போது நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதில் போனால் எழுந்திருக்க மனசே இல்லாமல் கிடக்கிறாள். நான் முடித்து, பாயைச் சுருட்டி, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் அப்படியே குனிந்து கிடக்கிறாள். அல்லாஹ்விடம் அப்படி என்ன கேட்கிறாளோ என்று நினைத்தேன். அவள் அத்தாவிடமும் பெருமையாகச் சொன்னேன். நீ முன்னால் குனிந்தால் வலிக்காது என்று அவருக்கு எழுதியதை ஷாரிக் நேற்றுத்தான் எனக்குப் படித்துக் காட்டினான். கேட்டதிலிருந்து அவள் தொழும்போதெல்லாம் வாசலில் நின்று பார்க்கிறேன்.

தூங்கும்போதும் முட்டியை வயிற்றோடு கட்டிக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். மல்லாந்து படுப்பதே இல்லை.

வரப்போகிற புதன், வியாழனில் துல்ஹஜ் பிறை பார்ப்பார்கள். பிறை பார்த்தால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஒன்பது நாள் நோன்பு வைக்கலாம். "ஒம்போது நாளும் வச்சிக்கிறேம்மா" என்கிறாள். நேற்று நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவி, "ஏன்டி, எதுக்கு இத்தன நோன்பு?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நோன்புன்னா அத்தா ஒண்ணும் சொல்லமாட்டாங்கம்மா" என்றாள்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? அவர் அடிக்கிறவரோ திட்டுகிறவரோ இல்லை. மனசு நொந்துபோனால் போன் செய்யமாட்டார். நாலு நாள், ஐந்து நாள் ஆகும். தூரத்தில் இருக்கிற மனுஷன், சாப்பிட்டாரா இல்லையா என்று தெரியாமல் நான் கிடந்து சாவேன். பிள்ளைகளுக்கும் அதுதான் பயம்.

நபீசா


நெல்லித்தோப்பு
26 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஹால் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குனிந்து கிடந்தால் கீறல் விழுந்த இடம் கொஞ்சம் விரியும், அழுத்தம் குறையும். அந்த நிம்மதிக்காகத்தான் கிடக்கிறாள். வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு பிள்ளை தனக்குத் தானே வைத்தியம் செய்துகொண்டிருக்கிறது அக்கா. ஓய்வு வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது, பசியோடு இருந்தால் கிடைக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். நோன்பு இல்லாத ஐந்து நாளும் இரண்டு வேளை ஆட்டம். கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு இருபது மணிக்கு மேலே போகும்.

நாளைக் காலை மூலக்குளத்துக்கு அனுப்பாதீர்கள். வயிற்றுவலி என்று சொல்லுங்கள், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் ஆட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன். எனக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் விளையாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறவர். பாயிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கோபம் என் மேல் வரட்டும்.

சங்கரி


நெல்லித்தோப்பு
2 ஜூன் 2025

ஜெய்னுலாபுதீன் பாய் அவர்களுக்கு,

வணக்கம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நபீசா அக்காவை வற்புறுத்தி, மரீஹாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். உங்களைக் கேட்காமல் செய்தது என் குற்றம், அவருடையது இல்லை. ரிப்போர்ட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். புரியும்படி சொல்கிறேன். முதுகெலும்பின் அந்தக் கடைசி எலும்பில் இடது பக்கம் கீறல் விழுந்துவிட்டது. வலது பக்கம் இன்னும் கீறல் இல்லை. ஆனால் எலும்புக்குள் நீர் கோத்திருக்கிறது. உடையப் போகிறேன் என்று எலும்பு சொல்கிற எச்சரிக்கை அது. வலது பக்கத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். இடது பக்கம் சேரலாம், சேராமலும் போகலாம். சேராவிட்டாலும் வலியில்லாமல் வாழலாம், விளையாடக்கூடச் செய்யலாம். ஆனால் இரண்டு பக்கமும் போய்விடக்கூடாது. எல்லாம் வலது பக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்று மாதம் ஓட்டம் இல்லை, குதிப்பு இல்லை, ராக்கெட் இல்லை. நடக்கலாம். பிறகு வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. அப்புறம் பார்க்கலாம்.

நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கா எனக்கு எழுதிய கடிதத்தை அவர் சம்மதத்தோடு அனுப்பியிருக்கிறேன். நான் விளக்கிச் சொல்ல விரும்பவில்லை. நீங்களே படியுங்கள்.

சிவசங்கரி


செர்ஜி
6 ஜூலை 2025

சங்கரி மிஸ் அவர்களுக்கு,

நான் நலம்.

ஒரு மாதமாக எழுதவில்லை. வீட்டுக்கும் ஒரு வாரம் போன் செய்யவில்லை. பிறகு செய்தேன்.

ரிப்போர்ட்டை இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். நீங்கள் சொன்னதையேதான் அவரும் சொன்னார். ஒரு மணி நேரம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இன்றுதான் தேர்வு. பட்டியலில் யார் யார் பெயர் வந்தது என்று பார்க்கவில்லை. மரீஹாவிடம் தினமும் கேட்கிறேன். வலி இல்லையாம். ஐந்து வாரமாகச் சுத்தமாக இல்லையாம். அப்படியென்றால் எப்போது தொடங்கலாம்? ஆட வேண்டாம், சரி. உடம்பு விட்டுப்போகாமல் இருக்கக் கயிறு குதிப்பது, சுவரில் பந்து தட்டுவது, இந்த மாதிரி ஏதாவது செய்யலாம் அல்லவா? சும்மா இருந்தால் பிள்ளை மனசு சோர்ந்துவிடும் என்று பயப்படுகிறேன். அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன்.

ஜெய்னுலாபுதீன்


நெல்லித்தோப்பு
8 ஜூலை 2025

ஜெய்னுலாபுதீன் பாய் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது பெரிய ஆறுதல். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிறு கூடாது. ஒவ்வொரு குதிப்புக்கும் அந்த எலும்பில்தான் இடி இறங்கும். அவளிடம் தயவுசெய்து மாற்றிச் சொல்லுங்கள்.

வலி இல்லை என்கிறாள், என்னிடமும் அப்படித்தான் சொல்கிறாள். டாக்டர் அழுத்திப் பார்த்தபோதும் சிரித்த முகமாக, "இல்ல டாக்டர்" என்றாள். இந்தக் காயத்துக்கு வலிதான் வழிகாட்டி பாய். வலி போனதா என்று கேட்டுத்தான் அடுத்த படிக்குப் போக முடியும். மாதாமாதம் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வழிகாட்டியே நம்மிடம் பொய் சொல்கிறது. இடது காலில் நின்று வெளுத்துப்போன அதே முகத்தோடுதான் அன்றும் ஒன்றுமில்லை என்றாள். இப்போது இல்லை என்பது நிஜமா, உங்களுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. அவளைப் பெற்ற அக்காவுக்கும் தெரியவில்லை. எனக்கு ராத்திரியும் பகலும் இதே பயம்தான்.

எப்போது தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் ஒரு நாள் வலிக்கிறது என்று தானாகச் சொல்லட்டும். அதற்குப் பிறகு அவள் இல்லை என்று சொன்னால் நான் நம்புவேன்.

சிவசங்கரி


நெல்லித்தோப்பு
24 ஆகஸ்ட் 2025

சங்கரி மிஸ் அவர்களுக்கு,

ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஹாலுக்கு வந்தேன். பிள்ளைகளோடு போட்டிக்காக வெளியூர் போயிருக்கிறீர்கள் என்று வாட்ச்மேன் கோவிந்தராசு சொன்னார். நேரில் என்றால் பாதி சொல்லாமல் விட்டுவிடுவேன். எழுதுவதே நல்லது.

வந்த நாள் முதல் காலையும் மாலையும் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "வலிக்குதா?" "இல்லத்தா." இனி நீ விளையாடவே வேண்டாம், உனக்குப் பிடித்தால் மட்டும் போதும் என்றேன். தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டேன். "இல்லத்தா." மாதக் கடைசியில் டாக்டர் பார்த்துவிட்டு, வலி இல்லையென்றால் பயிற்சியைத் தொடங்கலாம் என்று சொல்லியிருந்தார். ஒரு காலத்தில் அந்த நாளுக்காகத் துடித்திருப்பேன். இப்போது அந்தத் தேதி நெருங்க நெருங்க, தள்ளிப்போகாதா என்று இருக்கிறது.

நேற்றுக் காலை பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். மீன் வாங்கிக்கொண்டு பூக்கடைப் பக்கம் வரும்போது என் இடது முட்டி பிடித்துக்கொண்டது. குளிர்க் கிடங்கில் நின்று நின்று மூன்று வருஷமாக இப்படித்தான். வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. போனில் எப்படி இருக்கீங்க என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்பேன். உங்களுக்கு எழுதும்போதும் நலம் என்றே எழுதியிருக்கிறேன். நேற்று நடக்கவே முடியவில்லை. யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"அத்தாவுக்கு முட்டி வலிக்குது பாப்பா. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்."

ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தோம். சுமை தூக்குகிறவர்கள் வழி விடச்சொல்லிக் கத்திக்கொண்டு போனார்கள். அவள் என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"ஆமாம்மா. ரொம்ப."

"அப்ப ஏன் நீங்க சொல்லவே இல்ல?"

நீங்கல்லாம் பயந்துடுவீங்கன்னுதான், என்று ஏதோ சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பூக்காரம்மா சரம் கட்டுவதைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எனக்கும் வலிக்குதுத்தா."

கையில் இருந்த மீன் பையைக் கீழே வைத்துவிட்டேன். எங்கே என்று கேட்டேன். என் கையைப் பிடித்துத் தன் இடுப்புக்கு மேலே வைத்துக் காட்டினாள். வலது பக்கம் மிஸ். எதைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னாரோ அந்தப் பக்கம். இடது பக்கம் இப்போது இல்லையாம், முதலில் இருந்ததாம். வலது பக்கம் ஜூலையிலிருந்து. மொட்டை மாடியில் கயிறு குதித்திருக்கிறாள். நீங்கள் எழுதிய பிறகு கூடாது என்று நான் போனில் சொன்னேனே என்றேன்.

"சொன்னீங்க. ஆனா அதுக்கு முன்னாடி சும்மா இருக்காதன்னும் சொன்னீங்க. எது நெஜம்னு தெரியல."

அவள் அழவில்லை. பூக்கடைக்கு முன்னால் உட்கார்ந்து நான்தான் அழுதேன். அவள் துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, எழுந்திருக்க எனக்குத் தோள் கொடுக்க வந்தாள். வேண்டாம், குனியாதே, தூக்காதே என்று பதறிப்போனேன். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தோம்.

எனக்குப் பயமாக இருக்கிறது மிஸ். இவ்வளவு பயம் என் வாழ்நாளில் பட்டதில்லை. அந்தப் பக்கமும் போயிருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, அந்தப் பயத்தோடேயே, எனக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும், இப்படியும் ஒரு தகப்பன்.

பிரான்ஸ் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டேன். புதன்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். நீங்கள் அதற்குள் வந்துவிட்டால் கூட வாருங்கள். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தேன். "நீங்க பேசாதீங்கத்தா, நானே சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஜெய்னுலாபுதீன்